ட்ரைகிளிசரைடு 4.91: அலகு மாற்றிய ஒரு லிப்பிட் ரிப்போர்ட்டில் ஒன்றையொன்று மறைத்த இரண்டு பிழைகள்

பின்னணி

நான் ஒரு மருத்துவ ஆய்வகத்தில் ரிப்போர்ட் அச்சாகும் மென்பொருளின் அமைப்புகளைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் லேபில் கொலஸ்ட்ரால் முடிவுகளை எப்போதும் மில்லிகிராம்/டெசிலிட்டரில்தான் கொடுப்போம். இயந்திரமும் அந்த அலகில்தான் எண்ணைத் தருகிறது. ஆனால் வேறு நாட்டில் சிகிச்சை எடுப்பவர்கள், அங்கிருக்கும் மருத்துவருக்கு ரிப்போர்ட் அனுப்புகிறவர்கள் சிலர் மில்லிமோல்/லிட்டரில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதுவரை கையால் கணக்குப் போட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். கையால் எழுதினால் தப்பு வரும் என்று சொல்லி, மென்பொருளிலேயே மாற்றி அச்சிடும் வசதியை நான் அமைத்தேன்.

அமைத்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சிக்கல் அங்கேதான் இருந்தது. மென்பொருளில் ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனித்தனியாக மாற்று எண் கொடுக்கலாம், அல்லது ஒரு தொகுப்பு முழுவதற்கும் ஒரே எண்ணைக் கொடுத்துவிடலாம். லிப்பிட் ப்ரொஃபைலில் மொத்த கொலஸ்ட்ரால், எச்டிஎல், எல்டிஎல், ட்ரைகிளிசரைடு என்று நான்கு வரிகள். நான்குக்கும் ஒரே அலகு, ஒரே குழாய் ரத்தம், ஒரே பக்கம். கொலஸ்ட்ராலை 38.67ஆல் வகுத்தால் மில்லிமோல் வரும் என்பது எனக்குத் தெரியும். அதைத் தொகுப்புக்கே கொடுத்துவிட்டேன்.

எல்டிஎல்லை நாங்கள் நேரடியாக அளப்பதில்லை, கணக்கிட்டுத்தான் போடுகிறோம். ஃப்ரீட்வால்ட் சூத்திரம் என்று 1972 முதல் புழக்கத்தில் இருப்பது:

```
LDL = TC - HDL - TG/5
```

மென்பொருள் முதலில் எல்லா அளவுகளையும் ரிப்போர்ட்டின் அலகுக்கு மாற்றிவிட்டு, அப்புறம்தான் இந்தக் கணக்கைப் போடும். அதை நான் கவனித்திருந்தேன். 5ஐ மட்டும் தொடவில்லை.

சரிபார்க்காமல் விட்டேன் என்றும் சொல்ல முடியாது. ஒரு பழைய முடிவை எடுத்துப் போட்டுப் பார்த்தேன்: மொத்தம் 180, எச்டிஎல் 52, ட்ரைகிளிசரைடு 98. மில்லிகிராம் கணக்கில் எல்டிஎல் 108.4. மென்பொருள் மில்லிமோலில் 2.80 என்று அச்சிட்டது. 108.4ஐக் கால்குலேட்டரில் 38.67ஆல் வகுத்தேன், 2.80. மற்ற மூன்றிலிருந்தும் கிடைக்கிற எண் சரியாக வந்துவிட்டது, அப்படியென்றால் அந்த மூன்றும் சரியாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஏழு வாரம் அந்த நினைப்பிலேயே போயிற்று.

ரிப்போர்ட் வெளியே போனபோது

ஏழாவது வாரத்தில் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். நடுத்தர வயது, ஏற்கனவே எங்களிடம் பார்த்தவர்தான். ஐந்து மாதம் முன்பு மில்லிகிராமில் ரிப்போர்ட் வாங்கியிருந்தார், இந்த முறை மில்லிமோலில் கேட்டு வாங்கி மருத்துவருக்கு அனுப்பியிருந்தார். அவர் கையில் இருந்த தாளில் இப்படி இருந்தது: மொத்த கொலஸ்ட்ரால் 5.69, எச்டிஎல் 1.14, ட்ரைகிளிசரைடு 4.91. எல்டிஎல் இருக்க வேண்டிய இடத்தில் ‘ட்ரைகிளிசரைடு மிகுதியால் கணக்கிடப்படவில்லை’ என்று ஒரு வரி.

மருத்துவர் அந்த 4.91ஐப் பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுத்தீர்களா, மது உண்டா, சர்க்கரை எப்படி இருக்கிறது என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார். எல்டிஎல் தெரியாததால் மருந்து பற்றிய முடிவைத் தள்ளிவைத்து, வெறும் வயிற்றில் திரும்ப ரத்தம் எடுத்து எல்டிஎல்லை நேரடியாக அளந்து வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். அவர் கையில் இருந்த தாளை வைத்துப் பார்த்தால் அது முற்றிலும் சரியான முடிவு.

நோயாளி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “சார், போன தடவை ட்ரைகிளிசரைடு 182 என்று கொடுத்தீர்கள். அதை மாற்றிப் பார்த்தால் 2.05 வருகிறது. இப்போது 4.91. சாப்பாட்டிலோ மாத்திரையிலோ நான் எதையும் மாற்றவில்லை. ஐந்தே மாதத்தில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறுமா?”

ஏறவே ஏறாது என்று சொல்ல முடியாது. ட்ரைகிளிசரைடு மற்றவற்றைவிட அதிகமாக ஏறி இறங்கும். முந்தைய இரவு குடித்த மதுவோ, வெறும் வயிறு சரியாகக் கடைப்பிடிக்காததோ கூடப் போதும். அதனால் முதலில் நானும் சாம்பிள் பக்கம்தான் சந்தேகப்பட்டேன். ஆனால் அவர் அந்த 2.05ஐச் சொன்னவிதம் மனதில் நின்றது. 182 எப்படி 2.05 ஆகும்? 38.67ஆல் வகுத்தால் 4.71 அல்லவா வர வேண்டும்?

சாம்பிளைத் திரும்பப் பார்த்தது

மூன்று நாளுக்கு முந்தைய அந்தக் குழாய் குளிர்பெட்டியில் இன்னும் இருந்தது. எங்கள் மூத்த டெக்னீஷியன் அதை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். சீரம் இளமஞ்சளாக, பின்னால் பிடித்த தாளின் எழுத்தைப் படிக்கிற அளவுக்குத் தெளிவாக இருந்தது. மேலே பாலாடை போன்ற படலம் எதுவும் இல்லை. 4.91 மில்லிமோல் என்றால் மில்லிகிராமில் 435 பக்கம் வரும். பொதுவாக 300ஐத் தாண்டும்போதே சீரம் மங்கத் தொடங்கிவிடும். “இது 400 தாண்டிய சீரம் இல்லை சார்,” என்றார் அவர். இயந்திரத்தில் ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

ஓட்டினால் 188 மில்லிகிராம். முதல் நாள் இயந்திரம் கொடுத்திருந்தது 190. ஆக ரத்தத்திலும் தவறில்லை, அளவிலும் தவறில்லை. 190 என்ற எண் அச்சாகும் வழியில் 4.91 ஆகியிருக்கிறது.

38.67 எங்கிருந்து வருகிறது

மில்லிகிராம் எடையைச் சொல்கிறது, மில்லிமோல் மூலக்கூறுகளின் எண்ணிக்கையைச் சொல்கிறது. ஒரு மூட்டை அரிசியின் எடை தெரிந்தால் எத்தனை அரிசி என்று சொல்வதற்கு ஒரு அரிசியின் எடை தெரிய வேண்டும் அல்லவா, அந்த மாதிரிதான். கொலஸ்ட்ராலின் ஒரு மோல் எடை 386.65 கிராம். டெசிலிட்டரை லிட்டராக்க 10ஆல் பெருக்கி, 386.65ஆல் வகுத்தால் மொத்தத்தில் 38.67ஆல் வகுத்ததாக ஆகிவிடும். அந்த எண் முழுக்க முழுக்க கொலஸ்ட்ரால் என்ற ஒரு மூலக்கூறுக்குச் சொந்தமானது.

எச்டிஎல்லுக்கும் எல்டிஎல்லுக்கும் அதே எண் எப்படிப் பொருந்துகிறது என்று பலர் கேட்பார்கள். இரண்டுமே தனி மூலக்கூறுகள் அல்ல, கொழுப்பும் புரதமும் சேர்ந்த துகள்கள். ஆனால் நாம் அளப்பது துகளை அல்ல, அதற்குள் இருக்கிற கொலஸ்ட்ராலை. ஆகவே அந்த மூன்று வரிகளுக்கும் 38.67 சரி.

ட்ரைகிளிசரைடு வேறு பொருள். ஒரு கிளிசராலில் மூன்று கொழுப்பு அமிலங்கள் சேர்ந்த, கொலஸ்ட்ராலைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கனமான மூலக்கூறு. கொழுப்பு அமிலங்கள் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் ஒரே துல்லியமான எடை அதற்குக் கிடையாது. சராசரியாக மோலுக்கு 885 கிராம் சொச்சம் என்று வைத்துக்கொள்கிறார்கள். அதனால் வகுக்க வேண்டிய எண் 88.57. அந்த நோயாளி பயன்படுத்தியது இதைத்தான்: 182ஐ 88.57ஆல் வகுத்தால் 2.05. எங்கள் 190ஐ அப்படி வகுத்தால் 2.15. ரிப்போர்ட்டில் அச்சானதோ அதைப்போல 2.29 மடங்கு.

அப்படியென்றால் ஏழு வாரமாக எங்கள் லேபிலேயே யார் கண்ணிலும் ஏன் படவில்லை? அதற்குக் காரணம் இருந்தது. இயல்பு அளவு என்று பக்கத்தில் அச்சாகும் எல்லையையும் மென்பொருள் அதே 38.67ஆல் வகுத்திருந்தது. ட்ரைகிளிசரைடுக்கு 150 மில்லிகிராம் என்பது 1.69 மில்லிமோல் என்று வந்திருக்க வேண்டும், 3.88 என்று வந்துகொண்டிருந்தது. அளவும் எல்லையும் ஒரே விகிதத்தில் ஊதியிருந்ததால் ‘அதிகம்’ என்ற குறி விழ வேண்டிய இடத்தில் விழுந்தது, விழக் கூடாத இடத்தில் விழவில்லை. தாளுக்குள்ளேயே பார்த்தால் எல்லாம் ஒத்துப்போகும். 1.7 என்ற எல்லையை மனதில் வைத்திருக்கும் வெளி மருத்துவர் படிக்கும்போதுதான் அது ஆபத்தாகிறது.

ஒன்று மட்டும் அந்த விகிதத்தில் ஊதவில்லை. ட்ரைகிளிசரைடு 400 மில்லிகிராமைத் தாண்டினால் ஃப்ரீட்வால்ட் சூத்திரத்தை நம்பக் கூடாது, எல்டிஎல் போடக் கூடாது என்பது விதி. மில்லிமோலில் அது 4.5. இந்த எண்ணை நான் மென்பொருளை மாற்ற விடாமல் புத்தகத்தில் இருந்தபடியே கையால் கொடுத்திருந்தேன். அதனால் உண்மையில் 174ஐத் தாண்டிய எல்லாருமே மென்பொருள் கண்ணுக்கு 4.5ஐத் தாண்டியவர்களாகத் தெரிந்தார்கள், எல்டிஎல் இல்லாமல் ரிப்போர்ட் போனது. 190 உள்ள இந்த நோயாளியும் அதில்தான் மாட்டினார்.

முதல் திருத்தமும், அது வெளியே கொண்டுவந்த இரண்டாவது பிழையும்

அன்றே மில்லிமோல் ரிப்போர்ட்டை நிறுத்திவைத்தோம். கேட்பவர்களுக்கு மில்லிகிராமில் மட்டும் கொடுத்து, மாற்றிய தாள் பிறகு வரும் என்று சொன்னோம். பாதி சரியான வசதியை ஓடவிட்டுக்கொண்டே திருத்துவதைவிட இது பாதுகாப்பு என்று எங்கள் உயிர்வேதியியல் மருத்துவர் மேடம் தீர்மானித்தார், நானும் அதையே விரும்பினேன்.

பிறகு ட்ரைகிளிசரைடுக்கு மட்டும் 88.57ஐத் தனியாகக் கொடுத்தேன். சோதனைப் பக்கத்தில் அதே நோயாளியின் எண்களைப் போட்டேன். 5.69, 1.14, 2.15. எல்லை 1.69 என்று வந்தது. எல்டிஎல்லும் இப்போது அச்சானது: 4.12.

இங்கேதான் முடிந்தது என்று எழுந்திருப்பேன். மேடம் பக்கத்தில் இருந்தார். “மில்லிகிராமில் எல்டிஎல் எவ்வளவு?” என்றார். 220 கழித்தல் 44 கழித்தல் 38, அதாவது 138. அதை 38.67ஆல் வகுத்தால் 3.57. திரையில் 4.12. அந்த 4.12ஐ மில்லிகிராமுக்குத் திருப்பினால் 159. ஒரே ரத்தத்துக்கு ஒரு தாளில் 138, இன்னொரு தாளில் 159.

சூத்திரத்தில் இருக்கும் 5தான் காரணம். அந்த 5 ஒரு வெறும் எண் அல்ல. விஎல்டிஎல் என்ற துகளில் ட்ரைகிளிசரைடின் எடை கொலஸ்ட்ராலின் எடையைப் போல ஏறத்தாழ 5 மடங்கு இருக்கும் என்ற கணிப்பு அது. எடையில்தான் 5. எண்ணிக்கையில் பார்த்தால், ஒவ்வொரு ட்ரைகிளிசரைடும் 2.29 மடங்கு கனம் என்பதால், விகிதம் 5 வகுத்தல் 2.29, அதாவது 2.2க்குப் பக்கம். மில்லிமோலில் சூத்திரம் இப்படி இருக்க வேண்டும்:

```
LDL = TC - HDL - TG/2.2
```

நான் முதலில் செய்திருந்தது இரண்டு பிழை. ட்ரைகிளிசரைடை 2.29 மடங்கு பெரிதாக்கினேன், அதைக் கழிக்கும்போது வகுக்க வேண்டிய எண்ணையும் 2.29 மடங்கு பெரிதாகவே விட்டுவைத்தேன். ஒன்றை ஒன்று அப்படியே அடித்துவிட்டது. அதனால்தான் ஆரம்பத்தில் எல்டிஎல் 2.80 என்று கச்சிதமாக வந்தது. அந்தச் சோதனைத் தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன், 98 என்ற ட்ரைகிளிசரைடு 2.53 என்று அச்சாகியிருந்தது. 1.11 இருக்க வேண்டும். எல்டிஎல்லைச் சரிபார்த்த அன்று அதே தாளில், ஒரு வரி மேலே, அந்த எண் என் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது.

பாதித் திருத்தம் மோசமானது என்பதையும் சொல்ல வேண்டும். பழைய அமைப்பில் எல்டிஎல் வந்தபோதெல்லாம் சரியாக வந்தது. என் முதல் திருத்தம் மட்டும் வெளியே போயிருந்தால் ட்ரைகிளிசரைடு சரியாகி, எல்லாருடைய எல்டிஎல்லும் உயர்ந்து போயிருக்கும். மருந்து கொடுப்பதா வேண்டாமா என்று மருத்துவர்கள் பெரும்பாலும் பார்ப்பது எல்டிஎல்லைத்தான். ட்ரைகிளிசரைடு அதிகமாக இருக்க இருக்க அந்தத் தவறும் அதிகமாகும்.

எடுத்த முடிவு

5க்குப் பதில் 2.2 போட்டாலே போதுமே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. மேடம் வேறு வழி சொன்னார்: இயந்திரம் தரும் மில்லிகிராமிலேயே எல்டிஎல்லைக் கணக்கிட்டு முடித்துவிட்டு, கடைசியாகக் கிடைத்த எண்ணை மட்டும் மாற்று. அதைத்தான் செய்தோம்.

ஏன் என்றால், இரண்டு அலகிலும் தனித்தனியாகக் கணக்கிட்டால் இரண்டு சூத்திரம், இரண்டு எல்லை, எல்லாவற்றையும் ஒத்திசைவாக வைத்திருக்க வேண்டும். 2.2 என்பதே தோராயம்தான், சரியாகப் பார்த்தால் 2.18. அந்த வித்தியாசம் நம் நோயாளியின் எல்டிஎல்லில் 0.01தான், பொருட்டில்லை. எல்லைதான் தொல்லை. ட்ரைகிளிசரைடு 399 என்றால் மில்லிகிராம் ரிப்போர்ட்டில் எல்டிஎல் உண்டு. அதே 399 மில்லிமோலில் 4.505, அதாவது 4.5ஐத் தாண்டியது, எல்டிஎல் இல்லை. ஒரே ஆளுக்கு ஒரு தாளில் எல்டிஎல் இருந்து இன்னொன்றில் இல்லாமல் போனால் அதை யாருக்கும் விளக்க முடியாது. 400 என்ற எல்லையை மில்லிகிராமில் ஒரே இடத்தில் சோதித்துவிட்டால் அந்தப் பேச்சே இல்லை.

தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் என்பதையும் அப்போதே உறுதி செய்தோம். மில்லிமோலில் 0.1 என்பது கொலஸ்ட்ராலில் 4 மில்லிகிராமுக்குச் சமம். எச்டிஎல் 1.14ஐ 1.1 என்று அச்சிட்டு, யாராவது அதைத் திருப்பி மாற்றினால் 44 என்பது 42.5 ஆகிவிடும்.

வெளியே போயிருந்த ரிப்போர்ட்டுகள்

ஏழு வாரத்தில் மில்லிமோலில் போனது 37. அத்தனையிலும் ட்ரைகிளிசரைடும் அதன் இயல்பு எல்லையும் தவறு. அதில் 11 பேருக்கு எல்டிஎல் அச்சாகாமல் போயிருந்தது. அந்த 11இல் ஒருவருக்குத்தான் உண்மையிலேயே 400ஐத் தாண்டியிருந்தது, மற்ற 10 பேருக்கும் எல்டிஎல் கிடைத்திருக்க வேண்டும்.

அந்த 11 பேரை முதலில் தொலைபேசியில் கூப்பிட்டோம், ஏனென்றால் அவர்களுடைய தாளை வைத்து யாராவது மருந்து தொடங்கியிருக்க வாய்ப்பு அதிகம். பிறகு மற்றவர்கள். எல்லாருக்கும் ‘திருத்தப்பட்டது’ என்று மேலே போட்டு, எந்த வரி மாறியது, எதனால் மாறியது என்று ஒரு வாக்கியத்துடன் புதிய தாள் அனுப்பினோம். பழைய தாளைக் கணினியிலிருந்து அழிக்கவில்லை. மருத்துவரிடம் பழையது இருக்கும்போது, அப்படி ஒன்று நாங்கள் கொடுக்கவே இல்லை என்பது போல எங்கள் பதிவேடு காட்டக் கூடாது. மில்லிகிராம் எண்ணையும் பக்கத்திலேயே அச்சிட்டோம், இயந்திரம் அளந்தது மாறவில்லை என்பது தெரிவதற்காக.

மூன்று பேர் ஏற்கனவே வேறு இடத்தில் திரும்ப ரத்தம் கொடுத்திருந்தார்கள். ஒருவருக்கு ட்ரைகிளிசரைடுக்கான மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள், அவர் இன்னும் வாங்கவில்லை. அந்த மருத்துவரிடம் மேடமே பேசினார். எங்களுக்குத் தொலைபேசியில் கூப்பிட்ட நோயாளிக்குத் திருத்திய தாளில் ட்ரைகிளிசரைடு 2.15, எல்டிஎல் 3.57. அதை அனுப்பிய மறுநாள் அவர் மருத்துவர் இரண்டாவது ரத்தப் பரிசோதனை தேவையில்லை என்று சொல்லிவிட்டார். எல்டிஎல்லுக்கான பேச்சு தொடர்ந்தது, அது அவர்களுக்குள்.

இப்போது மாற்றியிருப்பது

தொகுப்புக்கு ஒரே மாற்று எண் கொடுக்கும் வசதியை எங்கள் மென்பொருளில் மூடிவிட்டோம். இனி ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனியாகத்தான் கொடுக்க முடியும், அதன் பக்கத்தில் எந்தப் பொருளின் மோல் எடையிலிருந்து வந்தது என்று எழுதியே ஆக வேண்டும். அந்தப் பெட்டி காலியாக இருந்தால் சேமிக்காது. லிப்பிடோடு நிற்கவில்லை, சர்க்கரைக்கு 18, யூரியாவுக்கு வேறு, கிரியேட்டினினுக்கு வேறு என்று எல்லா வரியையும் அப்படியே நிரப்பினோம்.

சோதிக்கிற முறையையும் மாற்றினேன். கணக்கிட்டு வருகிற எண்ணை வைத்து அதன் உள்ளீடுகளைச் சரிபார்ப்பதில்லை. ஒவ்வொரு வரிக்கும், எல்லை எண்களுக்கும்கூட, மென்பொருளுக்கு வெளியே தயாரித்து வைத்த விடை ஒன்று இருக்கிறது: கொலஸ்ட்ரால் 200 என்றால் 5.17, ட்ரைகிளிசரைடு 150 என்றால் 1.69, இப்படி. அதோடு சோதனைக்கு எடுக்கிற ரத்த முடிவுகளில் ட்ரைகிளிசரைடு 98 போன்ற சாதாரண எண் மட்டும் போதாது, 190 ஒன்று, 399 ஒன்று, 401 ஒன்று கட்டாயம். முதல் நாளே 190ஐப் போட்டிருந்தால் எல்டிஎல் இல்லாத தாள் என் மேசையிலேயே வந்து விழுந்திருக்கும்.

மில்லிமோல் ரிப்போர்ட் பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்ப ஓடத் தொடங்கியது. முதல் வாரம் முழுவதும் ஒவ்வொரு தாளையும் அந்த மூத்த டெக்னீஷியன் குழாயை ஒரு கையில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.